பாவம் என்று பலகையில் எழுத முடியாது

பேனர் கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பச்சைப் பின்னணி, ஓரத்தில் ஒரு நடராஜர், நடுவில் கொட்டை எழுத்தில் "நிறுத்தாலயா".

நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது Nruthyalaya என்று ஆங்கில எழுத்தில். அவர் அதைத் தமக்குக் கேட்டபடி தமிழில் தட்டியிருந்தார். "ரு வல்லினம் இல்லைங்க, இடையினம்" என்றேன். மாற்றினார். "நிருத்தாலயா" ஆயிற்று. கடைக்கு வந்திருந்த இன்னொருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல இருக்காம்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். நிருத்தம் என்றால் அபிநயம் கலக்காத தூய ஆடல் என்பது எங்களுக்குத் தெரியும். தெருவில் போகிறவருக்குத் தெரிந்தது நிறுத்தம், அதுவும் பேருந்து நிறுத்தம்தான்.

நங்கநல்லூரில் ஆறு வருடமாக வீட்டுக் கூடத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வந்தேன். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. "அந்த மாடி வீட்டு டான்ஸ் மிஸ்" என்றால் தெரியும். என் நாத்தனார் வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறவள். இரண்டையும் சேர்த்து ஒரு முதல் மாடியை வாடகைக்கு எடுப்பதென்று முடிவானபோதுதான் பெயர் வேண்டியிருந்தது. விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதாகத் திட்டம். கையில் நான்கு மாதம் இருந்தது. பெயருக்கு ஒரு மாலை நேரம் போதும் என்று நினைத்தோம். மூன்று மாதம் பிடித்தது.

நிருத்தாலயா போனதும் நாத்தனார் சொன்ன அடுத்த பெயர் பாவம். பாவ, ராக, தாளம் என்று சொல்வோமே, அந்த பாவம். பாட்டுக்கும் பொருந்தும், ஆட்டத்துக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் Bhavam என்று எழுதிப் பார்த்தால் அழகாகவே இருந்தது. காகிதத்தை எடுத்துத் தமிழில் எழுதினேன். "பாவம் நாட்டியப் பயிற்சி."

"அண்ணி, பாவம் நாமதான்" என்றாள்.

"பாவா" என்று மாற்றினால் யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. "பாவலயா" என்றால் லயமும் சேரும், ஆனால் முதல் இரண்டு எழுத்தில் மறுபடி அதே பாவம். சரி, கதி? தாளத்தில் திஸ்ரம், சதுஸ்ரம் என்று மாறும் நடையைக் கதி என்றும் சொல்வோம். அதை வைத்தால் மாமியார் ஒருவரே போதும், "என்ன கதிக்கு ஆளானோம்" என்று தினம் ஒரு தடவை சொல்ல. தட்டுக்கழி என்று நானே ஒரு நாள் உற்சாகமாகச் சொன்னேன். நட்டுவாங்கத்தில் கழியை மணையில் தட்டித்தானே பிள்ளைகளை ஆட வைக்கிறோம்? என் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "தட்டிக்கழிக்கிற இடமா?" என்றார்.

இதில் கடைக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை. காரணம் எளிது. நாட்டியத்தின் கலைச்சொற்களில் பெரும்பகுதி வடமொழி. அதில் ப வரிசையில் நான்கு ஒலி, க வரிசையில் நான்கு, த வரிசையில் நான்கு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்று கிரந்த எழுத்துகள் கைகொடுப்பது அந்த ஒலிகளுக்கு மட்டும்தான். உரத்துச் சொல்லும் 'ப'வுக்கும் 'க'வுக்கும் கிரந்தத்திலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் வாயால் சொல்லும்போது பாவம் வேறு, பாவம் வேறு என்று காது பிரித்துக்கொள்ளும். பலகையில் அது நடக்காது.

பலகையில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டால் போயிற்று என்று ஒரு மாணவியின் அம்மா சொன்னார். அப்படிச் செய்ய முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழி இருந்தால் அதற்கு இரண்டு என்பது கணக்கு. ஆக, எந்தப் பெயராக இருந்தாலும் ஊர் பார்க்கப்போவது தமிழ் வடிவத்தைத்தான். நாங்களோ பெயரை ஆங்கிலத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் ரசித்து, கடைசியில் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து முறையை மாற்றினேன். பெயர் தோன்றியதும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் பெரிதாக எழுதுவது. அதை நாட்டியம் தெரியாத ஒருவரிடம் காட்டி, ஒன்றும் விளக்காமல், வாசிக்கச் சொல்வது. எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அண்ணன்தான் பெரும்பாலும் சிக்கினார். ஒன்பது பெயர்களில் ஆறு அவர் வாயில் விழுந்து மடிந்தன.

ஆங்கில வடிவத்தில் வேறு சிக்கல். நம் ஊரில் 'த'வுக்கு th போடுவோம், சிலர் dh, சிலர் வெறும் t. Nrityalaya, Nrithyalaya, Nruthyalaya மூன்றும் ஒரே பெயர்தான், மூன்றையும் மூன்று பேர் தேடினால் கூகுள் மேப்பில் மூன்று இடம் வரும். இதைப் போன வருடமே வேறு விதத்தில் அனுபவித்திருந்தேன். ஒரு சலங்கை பூஜை அழைப்பிதழில் 'நாட்டியாலயா' என்று தற்காலிகமாக ஒரு பெயர் போட்டிருந்தோம். அழைப்பிதழைப் பார்த்துத் தேடிய ஓர் அம்மா ஏறக்குறைய அதே பெயர் கொண்ட இன்னொரு வகுப்புக்குப் போன் செய்து, பெண்ணைச் சேர்த்து, முதல் மாதக் கட்டணமும் கட்டிவிட்டார். அவர்கள் பேரில் தப்பே இல்லை. அவர்கள்தான் எங்களுக்கு முன்பே இருந்தவர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பதை ஒழுங்காகச் செய்தேன். இதில் இரண்டு வேறு வேறு வேலைகள் உண்டு, பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

முதலாவது டிரேட்மார்க் தேடல். ipindia.gov.in தளத்தில் பொதுமக்கள் தேடும் பக்கம் இருக்கிறது, காசு கிடையாது. பாட்டு, நாட்டியம் கற்பிப்பதெல்லாம் 41-ஆம் வகுப்பில் வரும். கல்வி, பயிற்சி, கலை நிகழ்ச்சிகளுக்கான வகுப்பு அது. அங்கே சொல்லால் தேடலாம், ஒலியை வைத்தும் தேடலாம். சொல்லால் தேடும்போது முழுப் பெயரையும் போடக் கூடாது. அடிச்சொல்லை மட்டும் 'Contains' என்பதில் போட வேண்டும், அதுவும் எல்லா எழுத்துக்கூட்டலிலும். nritya என்று தேடியபோது வராதது nrithya-வில் வந்தது, nruthya-வில் இன்னும் சில வந்தன. ஒலித் தேடல் இருக்கிறதே என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். நம் த, ட, ழ குழப்பம் அதற்கு முழுதாகப் பிடிபடுவதில்லை.

இரண்டாவது, பதிவே செய்யாதவர்களைத் தேடுவது. சென்னையில் வீட்டு மாடியிலும் அபார்ட்மென்ட் கூடத்திலும் நடக்கும் வகுப்புகளில் எத்தனை பேர் டிரேட்மார்க் எடுக்கிறார்கள்? ஆனால் பதிவு இல்லாவிட்டாலும், நமக்கு முன்பிருந்தே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவருக்கு அதில் உரிமை உண்டு. நாம் பதிவு செய்துவிட்டோம் என்பதற்காக அவரை நிறுத்தச் சொல்ல முடியாது. அவர் நம்மேல் வழக்குப் போடவும் இடம் உண்டு. அதனால் கூகுள் மேப், இன்ஸ்டாகிராம், யூடியூபில் கிடக்கும் அரங்கேற்ற வீடியோக்களின் தலைப்புகள், சபாக்களின் மார்கழி நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாவற்றிலும் பார்த்தேன். நாத்தனாருக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு பெயர் டிரேட்மார்க் பட்டியலில் இல்லவே இல்லை. யூடியூபில் மாம்பலத்திலிருந்து ஒன்றும் மடிப்பாக்கத்திலிருந்து ஒன்றுமாக இருந்தது. மடிப்பாக்கம் எங்களுக்கு அடுத்த ஊர். விட்டுவிட்டோம்.

டிரஸ்ட் பதிவு செய்துவிட்டால் பெயர் நமக்கே சொந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாவது டிரஸ்டின் பத்திரம். இன்னொருவர் அதே பெயரில் வகுப்பு நடத்துவதை அது தடுக்காது.

இதற்கிடையே என் மாமனார் எண்கணிதத்தோடு வந்தார். கூட்டுத்தொகை சரிவர ஒரு a-வும் கடைசியில் ஒரு h-உம் சேர்க்க வேண்டும் என்றார். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் போனில் ஒவ்வொரு பெற்றோருக்கும் "டபிள் ஏ, கடைசியில் ஹெச்" என்று சொல்லப்போவது நான். அவரிடமே ஒரு நாள் அந்த எழுத்துக்கூட்டலை என் தங்கைக்குப் போனில் சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவையும் தங்கை தப்பாக எழுதினாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

க்ஷேத்ரா என்று முடியும் பெயர் ஒன்றும் ஒரு வாரம் பட்டியலில் இருந்தது. கேட்ட பத்துப் பேரில் நான்கு பேர், "திருவான்மியூர்ல இருக்கே, அதோட கிளையா?" என்றார்கள். அவர்கள் சொன்னது கலாக்ஷேத்ராவை. நான் அங்கே படித்தவள் இல்லை. அப்படி நினைக்க இடம் கொடுப்பதே பொய் சொல்வதற்குச் சமம் என்று பட்டது. பந்தநல்லூர், வழுவூர் என்று பாணியின் பெயரைச் சேர்ப்பதிலும் இதே கேள்விதான். அந்தப் பரம்பரையில் கற்று, குருவிடம் சொல்லிவிட்டு வைத்தால் சரி. பலகைக்குக் கனம் சேர்க்க என்று வைத்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நடுவில் ஒன்று: ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கியபோது அந்த இடத்துக்குக் கலாக்ஷேத்ரா என்ற பெயர் இல்லை, சர்வதேசக் கலைக் கழகம் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர்தான். ஏன், நாங்கள் ஆடும் ஆட்டமே சதிர் என்ற பெயரை விட்டுப் பரதநாட்டியம் ஆனது 1930-களில்தான். பெயர் மாறிய கதையை ஆடிக்கொண்டே பெயருக்கு அல்லாடுகிறோம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது ரசிக்கிற மனநிலை இல்லை.

பிறகு தமிழ்ச் சொல்லே தேடுவோம் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிரித்தேன். மாதவி ஆடிய மேடையின் அளவு அதில் இருக்கிறது. இருபத்து நான்கு விரல் அளவுள்ள கோலால் அளந்து, ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். "எழுகோல்" என்று எழுதிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. என் பையன் பார்த்துவிட்டு, "ஏழு கோலா? யாரு போட்டது, மெஸ்ஸியா?" என்றான். தலைக்கோல் என்றும் யோசித்தோம். அது ஆடி முடித்துச் சிறந்தவளுக்குக் கிடைக்கிற பட்டம். முதல் பாடமான தட்டடவே வராத பிள்ளைகள் நிற்கும் இடத்துக்கு அதை வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சலங்கை, கொலுசு, குட்டி, மொட்டு போன்ற சொற்களை ஏன் விட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். சலங்கை என்றால் ஆட்டம் மட்டும்தான் நினைவுக்கு வரும். நாத்தனாரின் பாட்டு வகுப்புக்கு ஆள் வராது. குட்டி, மொட்டு எல்லாம் பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஆனால் என்னிடம் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெரியவர்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவர் இருக்கிறார். பட்டியலைக் காட்டியபோது ஒரு பெயரைத் தொட்டு, "இந்தப் பேர் போட்ட டீ-ஷர்ட் குடுத்தீங்கன்னா நான் போட மாட்டேன் மிஸ். ஆபீஸ்ல எங்க போறீங்கன்னு கேட்டா சொல்லவும் கூச்சமா இருக்கும்" என்றார். பெரியவர்கள் வகுப்பை நடுவில் விடுவதற்கு முழங்கால்தான் காரணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கூச்சமும் ஒரு காரணம் என்று அன்றுதான் தெரிந்தது.

முக்காலம் என்று ஒரு பெயர் கிட்டத்தட்ட முடிவாகியே விட்டது. காலம் என்றால் எங்களுக்கு வேகம். ஆட்டத்தின் அடிப்படையான அடவைப் பழகுவதும் மூன்று காலத்தில், பாட்டின் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைப் பாடுவதும் மூன்று காலத்தில். ஆட்டம், பாட்டு இரண்டுக்கும் பொது, தமிழில் எழுத்துக் குழப்பமும் இல்லை. காலண்டர் தாளை இஸ்திரி அண்ணனிடம் நீட்டினேன். தடங்கல் இல்லாமல் வாசித்தார். பிறகு கேட்டார், "ஜாதகம் பாக்குறீங்களா?"

முக்காலமும் உணர்ந்த ஜோதிடர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

கடைசியில் பெயர் வகுப்பிலிருந்துதான் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை நாட்டடவு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் காலத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள். மெதுவாகத்தான் தட்டுகிறேன், ஆனால் அவர்கள் கால் முன்னால் போய்விடும். மூன்றாம் காலத்தில் தப்பு அவ்வளவாகத் தெரியாது, வேகம் மூடிவிடும். முதல் காலத்தில் அரைமண்டியில் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும், கை எங்கே போய் நிற்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். பாட்டிலும் அப்படியே. ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்று நீட்டிப் பிடிக்கும்போதுதான் சுருதி விலகுவது கேட்கும். "முதல் காலம் சரியாகாமல் இரண்டாம் காலம் கிடையாது" என்று அன்று மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பேன். பக்கத்து அறையில் நாத்தனாரும் வேறொரு பிள்ளையிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து இருவரும் ஒரே நேரத்தில் தாளை எடுத்தோம்.

முதல் காலம்.

இஸ்திரி அண்ணன் வாசித்தார். "பழைய காலத்து விஷயம் சொல்லித் தர்றீங்க போல" என்றார். அது பரவாயில்லை, பொய்யும் இல்லை. வங்கி அக்காவிடம் சொன்னபோது, "நான் இன்னும் அதுலதானே இருக்கேன்" என்று சிரித்தார். குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் Mudhal, Muthal, Mudal மூன்றும் வரும். நாங்கள் Mudhal Kaalam என்று ஒன்றை முடிவு செய்து, கூகுள் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ரசீதிலும் ஓர் எழுத்துகூட மாறாமல் போடுகிறோம், மற்றவற்றை மேப்பின் விவரக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொரு குறை, வர்ணம் வரை வந்த ஒரு பெண்ணின் அப்பாவுக்கு இது ஆரம்பப் பிள்ளைகளுக்கான இடமாகத் தோன்றியது. அதைப் பெயருக்குக் கீழே வரும் வரியில்தான் சரிசெய்ய முடியும்.

அந்த வரியில் 'பள்ளி' என்று போட்டிருந்தோம். ஒட்டிப் பார்த்த காகிதப் பலகையைக் கண்டு இரண்டே நாளில் மூன்று பேர் எல்கேஜி அட்மிஷன் கேட்டார்கள். அகாடமி என்றால் பெரிய கட்டடம் ஞாபகம் வருகிறது. "இசை, பரதநாட்டியப் பயிற்சியகம், எல்லா வயதினருக்கும்" என்று முடித்தோம். வர்ணப் பெண்ணின் அப்பாவுக்காக "தொடக்கம் முதல் அரங்கேற்றம் வரை" என்று இன்னொரு வரி சேர்த்தோம். பலகையில் கொஞ்சம் நெரிசல்தான்.

டிரேட்மார்க்குக்குத் தமிழ் எழுத்து வடிவத்தையே விண்ணப்பித்தேன். தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். தமிழில் இருந்தால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தேன். தொழிலை நேரடியாக விவரிக்கும் சொல்லை ஒருவருக்கு மட்டும் தர மாட்டார்கள், சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வரும். 'நாட்டியப் பயிற்சி' என்று விண்ணப்பித்தால் நிச்சயம் வரும். முதல் காலம் கலைச்சொல்தான், ஆனால் எந்த வகுப்பின் பெயராகவும் யாரும் அதைச் சொல்வதில்லை. அப்படியும் ஆட்சேபம் வரலாம், வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் எழுத வேண்டும். பதிலில் காட்ட உதவுமே என்று முதல் பலகையின் ரசீதையும் முதல் அழைப்பிதழையும் தேதியோடு ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன்.

பழைய பேனர் கடைக்கே போனேன். இந்தத் தடவை தமிழில் நானே தட்டினேன். விஜயதசமிக்கு முதல் நாள் பலகை ஏறியது. மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஏழு வயதுப் பெண் படியேறி வந்து, பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மிஸ், ரெண்டாம் காலம் வந்துடுச்சுன்னா வேற வீட்டுக்குப் போகணுமா?"